கண்டிப்பா, கொடுமையா?

ஓசூரில் சாயங்கால ஷிப்ட் விடும் நேரத்தில் பாகலூர் ரோட்டிலோ மத்திகிரி பக்கமோ நின்று பார்த்தால், கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பெண் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போகும். பத்து வருஷம் முன்பு இத்தனை பெண்கள் இல்லை. இப்போது சூளகிரி, போச்சம்பள்ளி, ஊத்தங்கரை, தர்மபுரி என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் அநேகம் பேர் சொல்லும் முதல் வார்த்தை "டார்கெட்". இரண்டாவது வார்த்தை "டார்ச்சர்". இந்த இரண்டு வார்த்தையையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால், அம்மாக்களுக்கு எது எது என்று புரிவதில்லை. சிலர், "வேலைன்னா அப்படித்தான் இருக்கும், பொறுத்துப் போ" என்கிறார்கள். சிலர் மறுநாளே வேலையை விட்டு நிறுத்திவிடுகிறார்கள். இரண்டுமே சரியில்லாமல் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

நான் சிப்காட்டில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள். அதில் கடைசி ஒன்பது வருஷம் லைன் சூப்பர்வைசர். திட்டு வாங்கியும் இருக்கிறேன், திட்டியும் இருக்கிறேன். அதனால்தான் கண்டிப்புக்கும் கொடுமைக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்பதைக் கொஞ்சம் விவரமாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் நம் வீட்டு உதாரணம் ஒன்று. சாம்பாரில் உப்பு குறைவு என்று மாமியார் சொன்னால் அது சமையல் விஷயம். உப்பைப் போட்டால் சரியாகிவிடும். "உங்க வீட்ல இதெல்லாம் சொல்லிக் கொடுக்கலையா?" என்று கேட்டால், அதற்கு எந்த டப்பாவிலிருந்து எதை எடுத்துப் போடுவது? நீங்கள் என்ன செய்தாலும் அந்தப் பேச்சுக்குப் பரிகாரம் கிடையாது. தொழிற்சாலையிலும் இதே கதைதான். திட்டு வாங்கி முடிந்த பிறகு, "நாளைக்கு நான் எதை மாற்றிச் செய்ய வேண்டும்?" என்ற கேள்விக்கு அந்தப் பெண்ணிடம் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அநேகமாக அது கண்டிப்பு. பதிலே இல்லாமல் அவமானம் மட்டும் மிஞ்சியிருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இருபத்தொரு வயது. காவேரிப்பட்டணம் பக்கம் சொந்த ஊர். பிளஸ் டூ முடித்துவிட்டு, வண்டிகளுக்கு ஒயர் கட்டு செய்யும் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாள். ஹார்னஸ் என்பார்கள். ஒயரின் நுனியில் சின்னதாக ஒரு உலோக முனை இருக்கும். அதை பிளாஸ்டிக் கூட்டுக்குள் 'க்ளிக்' என்று சத்தம் வரும்வரை தள்ள வேண்டும். பிறகு டேப் சுற்றி அடுத்தவளிடம் தள்ளிவிட வேண்டும். க்ளிக் விழாமல் போன பீஸ் சோதனையில் மாட்டும். அதுதான் ரிஜெக்ட்.

சேர்ந்த இரண்டாம் மாதம் அவள் அம்மா என்னிடம் வந்தார்கள். "அக்கா, அந்த சூப்பர்வைசரம்மா என் பொண்ணைப் படுத்தி எடுக்கிறாங்களாம். எல்லார் முன்னாடியும் கத்தறாங்க. வா, போன்னுதான் கூப்பிடறாங்க. நான் வேலையை விட்டு நிறுத்திடட்டுமா?"

பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். 'டார்ச்சர்' என்ற வார்த்தை மட்டும் வரக்கூடாது என்று நிபந்தனை. என்ன சொன்னார்கள், எத்தனை மணிக்கு, அப்போது கணக்கு எவ்வளவு, பிறகு என்ன செய்தார்கள், இவ்வளவுதான் வேண்டும்.

கணக்கு இப்படி. எட்டு மணி நேர ஷிப்ட் என்றால் 480 நிமிஷம். சாப்பாட்டுக்கு 30, இரண்டு டீ இடைவேளைக்குப் பத்துப் பத்து போனால் மீதி 430. ஒரு பீஸுக்கு ஒரு நிமிஷம் என்று கம்பெனி நேரம் அளந்து வைத்திருக்கிறது. ஆனால் மனுஷக் கை இயந்திரம் இல்லை. தண்ணீர் குடிக்க, பாத்ரூம் போக, ஒயர் தீர்ந்தால் வாங்கிவர என்று பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுவார்கள். ஆக 387. பேச்சுக்கு 385 என்று வைத்திருந்தார்கள். அந்த லைனில் எல்லோருக்கும் அதே எண்தான். போர்டில் எழுதி மாட்டியிருக்கிறது. இவள் செய்தது 300. அதில் ஒரு நாள் 14 ரிஜெக்ட்.

சூப்பர்வைசரம்மா வந்து கத்தினார்கள், வாஸ்தவம். ஆனால் அதன் பிறகு என்ன செய்தார்கள் என்பதை இவள் வீட்டில் சொல்லவில்லை. அந்த 14 பீஸையும் டிரேயில் எடுத்துக்கொண்டு, இவளையும் ஓரமாகக் கூட்டிப்போய், ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். பதினொன்றில் உலோக முனையின் கழுத்து லேசாக வளைந்திருந்தது. அது முன்னாடி இருக்கும் பிரஸ் மெஷினிலிருந்தே அப்படி வந்தது. வளைந்த முனை எத்தனை தள்ளினாலும் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளாது. "இந்த பதினொண்ணு உன் தப்பு இல்ல. இந்த மூணு உன் தப்பு" என்று சொல்லி, பிரஸ் ஆப்பரேட்டரிடம் போய் அங்கேயும் ஒரு சத்தம் போட்டிருக்கிறார்கள்! பிறகு ஸ்டாப் வாட்சை வைத்துக்கொண்டு இவள் பத்து பீஸ் செய்வதை நின்று பார்த்திருக்கிறார்கள். டேப் ரோல் வலது கைப் பக்கம் தூரத்தில் இருந்ததால், ஒவ்வொரு தடவையும் எட்டி எடுப்பதில் ஏழெட்டு வினாடி போயிருக்கிறது. அதை இடப் பக்கம் கிட்டே மாற்றி வைத்து, "அடுத்த சனிக்கிழமைக்குள்ள 350 வரணும், அதுக்கடுத்த வாரம் 385. திங்கக்கிழமை நான் வந்து பாப்பேன்" என்று தேதி வைத்திருக்கிறார்கள்.

இதில் கொடுமை எங்கே இருக்கிறது? எண் எல்லோருக்கும் பொது. எண் எப்படி வந்தது என்பது தெரியும். குறைந்ததற்குக் காரணம் தேடினார்கள், அவள் தப்பையும் தப்பில்லாததையும் பிரித்தார்கள், வழி செய்தார்கள், அவகாசம் கொடுத்தார்கள். கத்தியது நன்றாக இல்லைதான். ஆனால் பிரஸ் மெஷின்கள் இடித்துக்கொண்டிருக்கும் ஷெட்டில் மெதுவாகப் பேசினால் யாருக்கும் காதில் விழாது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

'வா, போ' விஷயம் நம் எல்லையோரத்துக்கே உரியது. அந்த அம்மா ஆனேக்கல் பக்கத்துக்காரர், தாய்மொழி கன்னடம். தமிழை லைனிலேயே கேட்டுக் கேட்டுக் கற்றவர். அவருக்கு 'வாங்க, போங்க' இன்னும் நாக்கில் ஏறவில்லை. மேனேஜரைக்கூட ஒரு நாள் "நீ சொல்லு சார்" என்றாராம்! ஓசூரில் ஒரே லைனில் தமிழ், தெலுங்கு, கன்னடம், போதாததற்கு ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பிள்ளைகளின் இந்தி எல்லாம் கலக்கிறது. ஒருவர் எல்லோரையும் ஒருமையில் கூப்பிட்டால் அது அவருடைய மொழிப் பழக்கம். மற்றவர்களை எல்லாம் 'வாங்க' என்று கூப்பிட்டுவிட்டு ஒரே ஒருத்தியை மட்டும் 'ஏய்' என்றால் அது வேறு சமாச்சாரம்.

பெண் வேலையைத் தொடர்ந்தாள். மூன்றாவது வாரம் 380-ஐத் தொட்டுவிட்டாள். சூப்பர்வைசரம்மா பாராட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். அப்படியும் சில மனிதர்கள்.

ஏழெட்டு மாதம் கழித்து அவளை வேறு லைனுக்கு மாற்றினார்கள். புது சூப்பர்வைசர் நம் ஜில்லாக்காரர்தான். குரல் உயர்த்தவே மாட்டார். "என்னம்மா கண்ணு" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் இரண்டு மாதத்தில் பெண் இளைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் வயிற்றைப் பிசைகிறது என்பாள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பாள். போனில் வாட்ஸ்அப் சத்தம் வந்தாலே முகம் மாறும். பிறகு நீர்க்கடுப்பு வந்து டாக்டரிடம் போனார்கள். தண்ணீர் குடிப்பதில்லையா, சிறுநீரை அடக்குகிறாயா என்று டாக்டர் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பாத்ரூம் போகும் டோக்கனைக் கேட்டால் சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே, "போன தடவையும் நீதானம்மா போனே, உனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று நாலு பேர் கேட்கச் சொல்வாராம். அதனால் காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு மணி வரை இவள் தண்ணீரே குடிப்பதில்லை. தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டே இருந்தால் சிறுநீர்த் தொற்று வருவதற்கு அதுவே வழி. அம்மாக்கள் இதைக் கவனிக்க வேண்டும்: கொண்டுபோன தண்ணீர் பாட்டில் அப்படியே நிறைந்து திரும்பி வந்தால், என்ன ஏது என்று கேளுங்கள்.

மறுபடியும் அதே மாதிரி உட்கார வைத்துக் கேட்டேன். இந்தத் தடவை பதில்கள் வேறு மாதிரி இருந்தன.

லைன் முழுக்க 385. இவளுக்கு மட்டும் 420. அதுவும் காலையில் சொல்வதில்லை, பதினொன்றரைக்கு மேல் வந்து, "காலையிலேயே சொன்னேனேம்மா, மறந்துட்டியா?" என்பார். நிமிஷத்துக்கு ஒன்று என்று இடைவிடாமல் செய்தாலும் 430தான் வரும் என்ற இடத்தில் 420 என்றால் என்ன அர்த்தம், நீங்களே யோசித்துப் பாருங்கள். பயிற்சி கொடுக்காமல் சோதனை மேஜையில் இரண்டு நாள் உட்கார வைத்து, அங்கே தவறிய பீஸையெல்லாம் இவள் கணக்கில் எழுதினார். ரிஜெக்ட் டிரேயைப் படம் பிடித்து, இவள் பெயரைப் போட்டு, சிரிக்கிற பொம்மைகளோடு லைன் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினார். இவளைவிடக் கம்மியாகச் செய்த இரண்டு பேரை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் கஷ்டப்பட்டு 400 செய்தபோது எண்ணைப் பற்றிப் பேச்சே காணோம். அன்றைக்கு, "ஆனா உன் டேப் அழகா இல்லையே" என்றார். நடுநடுவே, "எதுக்கும்மா இந்தக் கஷ்டம், பேசாம கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிடேன்" என்ற உபதேசம்.

பாருங்கள், ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. ஒரு தடவைகூடக் கத்தவில்லை. தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் சின்ன விஷயம், புகார் கொடுத்தால், "இதுக்கெல்லாமா?" என்பார்கள். சேர்த்துப் பார்த்தால்தான் உருவம் தெரிகிறது. அவள் எதைச் சரி செய்தாலும் குறி நகர்ந்துகொண்டே போகிறது. அவருக்கு வேண்டியது பீஸ் இல்லை என்பது தெரிந்துவிடுகிறது.

ஜப்பானில் 2020 ஜூனில் இதற்கென்றே ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. முதலில் பெரிய கம்பெனிகளுக்கு, 2022 ஏப்ரலிலிருந்து சிறிய கம்பெனிகளுக்கும். மேலே இருப்பவர் தன் நிலையைப் பயன்படுத்தி, வேலைக்கு அவசியமான, தகுந்த அளவைத் தாண்டி நடந்து, வேலை செய்யும் சூழ்நிலையைக் கெடுத்தால் அது துன்புறுத்தல் என்று வைத்திருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் ஆறு வகையில் அடிப்பதும் திட்டுவதும் மட்டும் இல்லை. ஒதுக்கி வைப்பது, முடியாத வேலையைச் சுமத்துவது, சொந்த வாழ்க்கையில் மூக்கை நுழைப்பது எல்லாமே உண்டு. வேண்டுமென்றே வேலையே கொடுக்காமல் மூலையில் உட்கார வைப்பதும் அதில் ஒரு வகை! 'வேலைக்கு அவசியமான அளவு' என்ற அந்த வார்த்தையை மட்டும் நான் மனசில் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். 385 அவசியம். சிரிக்கிற பொம்மை எதற்கு அவசியம்?

நம் நாட்டில் இப்படிப் பொதுவான துன்புறுத்தலுக்கு விளக்கம் சொல்லும் தனிச் சட்டம் கிடையாது. ஆனால் நம் தமிழ்நாட்டிலேயே இதற்குப் பெரிய விலை கொடுத்து ஓர் ஏற்பாடு கிடைத்தது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். மாதக்கணக்கில் தொந்தரவு இருந்தது என்றும், சொல்லப் பயந்தாள் என்றும் குடும்பத்தார் சொன்னார்கள். விஷயம் வெளிநாடு வரை போனது. 2022 ஏப்ரலில் அந்த ஆலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், பெண்களே நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், வெளிநாட்டுத் தொழிலாளர் அமைப்புகள் எல்லாம் சேர்ந்து கையெழுத்திட்டார்கள். துணி வாங்கும் ஹெச் அண்ட் எம் கம்பெனியும் தனியாகக் கையெழுத்திட்டது. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர்.

அதில் டார்கெட்டை எடுத்துவிடச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆலை ஓடத்தான் வேண்டும். தொழிலாளிப் பெண்களிலேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்து, லைன்களில் நடப்பதைக் கவனிக்க வைத்தார்கள். புகார் சொன்னவளைப் பழிவாங்கக் கூடாது என்று எழுதிக்கொண்டார்கள். லைனில் உங்களைப் போலவே மெஷினில் உட்கார்ந்திருப்பவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்றால், சின்னதாக இருக்கும்போதே விஷயம் வெளியே வந்துவிடும். ஆபீஸ் கதவைத் தட்ட வேண்டும் என்றால் முற்றின பிறகுதான் வரும். அந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது இதுதான்.

சரி, பக்கத்து வீட்டுப் பெண் என்ன செய்தாள்? ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். தினமும் பஸ்ஸில் வரும்போதே எழுதிவிட வேண்டும்: தேதி, மணி, சொன்ன வார்த்தை சொன்னபடியே, பக்கத்தில் யார் இருந்தது, அந்த மணிக்குத் தன் கணக்கு எவ்வளவு, லைனின் எண் எவ்வளவு. "என்னைக் கேவலப்படுத்தினார்" என்று எழுதக் கூடாது. "11.40. 420 என்றார். போர்டில் 385." அவ்வளவுதான். வாட்ஸ்அப் படங்களை அழிக்காமல் வைத்தாள். டாக்டர் சீட்டையும் அதோடு வைத்தாள். நாலு வாரத்தில் பதினேழு நாளுக்குப் பதிவு சேர்ந்தது.

பிறகு ஹெச்.ஆருக்கு ஒரு பக்கக் கடிதம், தமிழிலேயே. 'கொடுமைப்படுத்துகிறார்' என்ற வார்த்தை அதில் இல்லை. மூன்று விஷயம் கேட்டிருந்தாள். என் டார்கெட் எவ்வளவு என்று எழுத்தில் வேண்டும். சோதனை மேஜைக்குப் போடுவதானால் பயிற்சி வேண்டும். பாத்ரூம் போவதற்கு என்ன விதி என்று தெரிய வேண்டும். நோட்டிலிருந்து ஆறு நாள் சம்பவத்தைத் தேதியோடு சேர்த்தாள். நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டாள். புகாரில் கோபத்தைக் கொட்டினால், கேட்பவர்கள் உங்கள் கோபத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். கணக்கைக் கொடுத்தால் கணக்குக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஹெச்.ஆர். முதலில், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா" என்றார்கள். எதிர்பார்த்ததுதான். அடுத்து கம்பெனியின் குறைதீர்க்கும் குழுவுக்குப் போனது. 2025 நவம்பர் 21-லிருந்து நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்புப்படி, இருபது அல்லது அதற்கு மேல் தொழிலாளர்கள் உள்ள இடத்தில் இந்தக் குழு இருந்தாக வேண்டும். நிர்வாகத்தின் ஆட்களும் தொழிலாளர் ஆட்களும் சம எண்ணிக்கையில் இருப்பார்கள். பெண்கள் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்களோ அந்த விகிதத்துக்குக் குறையாமல் குழுவிலும் பெண்கள் இருக்க வேண்டும். சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் கொடுக்கலாம். குழு முப்பது நாளில் முடிக்க வேண்டும்.

குழு அந்த லைனின் மணிக்கணக்குத் தாள்களை வரவழைத்தது. எல்லாப் பெயருக்கும் நேரே 385, ஒரே ஒரு பெயருக்கு நேரே பென்சிலில் 420. அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? பெண்ணை அவள் விருப்பப்படியே வேறு லைனுக்கு மாற்றினார்கள். தனி ஆள் பெயரைப் போட்டு ரிஜெக்ட் படம் அனுப்பக் கூடாது என்று எல்லா லைனுக்கும் உத்தரவு போனது. சூப்பர்வைசருக்கு எழுத்தில் எச்சரிக்கை. பழையபடி தண்ணீர் பாட்டில் காலியாக வீட்டுக்கு வருகிறது.

அதே மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. அவளுக்கு ஒரு மெமோ வந்தது, மூன்று நாள் லேட் என்று. அவள் அம்மா கொதித்துப்போய் வந்தார்கள். "பாத்தீங்களா அக்கா, பழிவாங்கறாங்க!" வாங்கிப் பார்த்தேன். மூன்று தேதி, மூன்று நேரம், பஞ்சிங் கணக்கு. இரண்டு நாளில் விளக்கம் எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். லேட்டாக வந்த வேறு நாலு பேருக்கும் அதே மெமோ போயிருந்தது. "இது நியாயமான மெமோம்மா. அவ லேட்டாத்தான் போயிருக்கா. காரணத்தை எழுதிக் கொடுக்கச் சொல்லு" என்றேன். அவர்களுக்கு என் மேல் இரண்டு நாள் வருத்தம். பழிவாங்கல் என்றால், ஐந்து பேர் லேட்டாகி ஒருத்திக்கு மட்டும் மெமோ வந்திருக்கும்.

மெமோவில் கையெழுத்துப் போடப் பயப்படுகிறார்கள். 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டால், தாள் கைக்கு வந்தது என்றுதான் அர்த்தம். குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது. வெற்றுத் தாளில் மட்டும் எந்தக் காரணத்துக்கும் கையெழுத்துப் போடக் கூடாது. ரூமில் உட்கார வைத்து ராஜினாமா எழுதி வாங்கிவிட்டார்கள் என்றால், அன்றைக்கே, தாமதிக்காமல், கட்டாயப்படுத்தி வாங்கியதை விவரித்து நிர்வாகத்துக்கு ரிஜிஸ்டர் தபால் அனுப்பிவிடுங்கள். பத்து நாள் கழித்துச் சொன்னால் நம்ப வைப்பது கஷ்டம்.

சம்பளத்தில் பிடிப்பதாகச் சில சூப்பர்வைசர்கள் வாயால் மிரட்டுவார்கள். அபராதம் என்றால் எந்தெந்தத் தவறுக்கு என்று முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். விளக்கம் சொல்ல சந்தர்ப்பம் கொடுக்க வேண்டும். அந்தச் சம்பளத்தில் நூற்றுக்கு மூன்று ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. இது ஊதியச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. லைனில் நின்றுகொண்டு, "உனக்கு இன்னிக்கு ஐநூறு கட்" என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை.

இதுவரை சொன்னது எல்லாம் பல நாள் சேர்ந்து உருவாகும் கொடுமை. சிலவற்றுக்கு ஒரு தடவையே போதும், நோட்டுப் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. கை நீட்டுவது, ஜாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவது, உடம்பைப் பற்றிப் பேசுவது, தொடுவது, "நான் சொல்றபடி இருந்தா டார்கெட் கம்மி பண்றேன்" என்று சொல்வது. ஜாதி விஷயத்துக்கு 1989-ம் வருஷ வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பாலியல் தொந்தரவுக்கு 2013-ம் வருஷச் சட்டப்படி, பத்து அல்லது அதற்கு மேல் பேர் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும், அதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். முதலாளி மேலேயே புகார் என்றாலும், பத்துப் பேர்கூட இல்லாத சின்ன யூனிட் என்றாலும் மாவட்ட அளவில் உள்ள குழுவுக்குப் போகலாம்.

வாசகிகளில் சூப்பர்வைசர்களும் இருப்பீர்கள். பர்கூர் பக்கம் பத்துத் தையல் மெஷின் போட்டு யூனிட் நடத்துபவர்களும் இருப்பீர்கள். "அப்போ நாங்க வாயே திறக்கக் கூடாதா?" என்று கேட்பது எனக்குக் காதில் விழுகிறது. தாராளமாகத் திறக்கலாம். வேலை செய்யாதவளைச் செய்யச் சொல்வது உங்கள் வேலை. ஏனென்றால் அவள் விட்ட பீஸைப் பக்கத்தில் இருப்பவள்தான் இழுக்கிறாள்.

நான் செய்தது இதுதான். லைனில் நிற்க வைத்துக் கேட்க மாட்டேன்; டீ இடைவேளைக்கு ஐந்து நிமிஷம் முன்னால் ஓரமாகக் கூப்பிடுவேன். கையில் மூன்று நாள் கணக்குத் தாள் இருக்கும். "385 வரணும், 320 வருது. என்னாச்சு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வேன். அந்த மூடிக்கொள்வதுதான் கஷ்டம். ஆனால் அந்த நிமிஷத்தில்தான் கத்தரி மழுங்கியது, மூக்குக் கண்ணாடி பவர் மாறியது, கைக்குழந்தை ராத்திரி தூங்க விடாதது எல்லாம் வெளியே வரும். சரி செய்யக்கூடியதைச் செய்வேன். பிறகு எண், தேதி, மறுபடி எப்போது பார்ப்பேன் என்பதை என் டைரியில் எழுதி, அவளையும் படிக்கச் சொல்வேன். இரண்டு, மூன்று தடவை இப்படி நடந்தும் மாறவில்லை என்றால் மெமோ. அதற்குப் பிறகும் என்றால் குற்றச்சாட்டு, அவள் பதில், விசாரணை, அப்புறம் நடவடிக்கை. வேலை போகும்வரைகூடப் போகலாம். இந்த வரிசையில் நடந்தால் அது கண்டிப்புத்தான். அந்த டைரி என்னையும் காப்பாற்றியிருக்கிறது. லீவு மறுத்ததற்காக ஒருத்தி, நான் தினமும் திட்டுவதாகப் புகார் எழுதியபோது, ஆபீஸில் டைரியை எடுத்து வைத்தேன்.

இன்னொன்று. டார்கெட்டை மேலே இருப்பவர்கள் சூப்பர்வைசர் தலையில் வைத்து அழுத்துகிறார்கள், அவர் லைனில் இறக்குகிறார். பிரான்ஸ் டெலிகாம் என்ற பெரிய கம்பெனியில், ஆயிரக்கணக்கான ஆட்களைக் குறைப்பதற்காக, அவர்களே வெறுத்துப் போய் வேலையை விடும்படி நிர்வாகமே திட்டமாக நெருக்கியது. பல பேர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். 2019 டிசம்பரில் பாரீஸ் நீதிமன்றம் தண்டித்தது கீழே இருந்த சூப்பர்வைசர்களை அல்ல, முன்னாள் தலைமை நிர்வாகியையும் கம்பெனியையும். நம் சூப்பர்வைசர்களும் மேலிருந்து முடியாத எண் வந்தால், நிமிஷக் கணக்கைப் போட்டு எழுத்தில் திருப்பிக் கேட்கலாம்.

கடைசியாக, எல்லையோரத்தில் இருக்கும் நமக்கு மட்டும் ஒரு விஷயம். ஓசூரில் குடியிருந்துகொண்டு அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, ஜிகனி என்று கர்நாடகப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். வீடு தமிழ்நாட்டில் இருந்தாலும், வேலை செய்யும் இடம் எங்கேயோ புகாரும் அங்கேதான். இங்கே தொழிலாளர் அலுவலகத்தில் மனுவைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்து, "இது எங்க எல்லை இல்லை" என்ற பதிலோடு திரும்பியவர்களை நான் அறிவேன். அதற்குள் மூன்று மாதக் கெடு போய்விடும். அந்த ஊர்களெல்லாம் பெங்களூர் நகர மாவட்டம். கர்நாடகத் தொழிலாளர் துறைக்கும் அந்த மாவட்டக் குழுவுக்கும்தான் மனு போக வேண்டும். உங்கள் பெண்ணின் அடையாள அட்டையையோ சம்பளச் சீட்டையோ எடுத்து, தொழிற்சாலை விலாசத்தில் எந்த மாநிலம் போட்டிருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.